ஒரே மாதிரிப் படங்களை மொத்தமாகக் கழிப்பது எப்படி: வாட்ஸ்அப் நகல் முதல் பர்ஸ்ட் வரை

ஒரு விசேஷ வீட்டுப் படங்களை ஃபோனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிப் பார்த்தால், ஒரே காட்சி மூன்று விதமாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். முதலாவது அச்சு அசல் நகல். ஒரே ஃபைல் இரண்டு ஃபோல்டரில் கிடக்கும், ஒரு பைட் கூட மாறியிருக்காது. இரண்டாவது சுருங்கிய நகல். வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது அளவு குறைந்து உருவானது. மூன்றாவது பர்ஸ்ட். ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்ததால் ஒன்றிரண்டு நொடிக்குள் பத்து, இருபது படம் விழுந்திருக்கும். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் அவற்றில் எதுவும் எதற்கும் நகல் அல்ல.

பலர் தவறுவது இந்த மூன்றையும் ஒரே சாஃப்ட்வேரில், ஒரே செட்டிங்கில், ஒரே மூச்சில் கழிக்கப் பார்ப்பதில்தான். அச்சு அசல் நகலில் எதை வைத்தாலும் ஒன்றுதான். சுருங்கிய நகலில் பெரியதை வைக்க வேண்டும். பர்ஸ்ட்டில் எது நல்லது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதனால் மூன்று சுற்றாகப் போங்கள், இதே வரிசையில். முதல் இரண்டு சுற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதில் படங்களைக் கூட்டிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை.

கீழே உள்ள முறை ஆண்ட்ராய்டு ஃபோன் படங்களை கம்ப்யூட்டரில் வைத்துக் கழிப்பதற்கானது. ஐபோனுக்கு எங்கே மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். நகலைத் தேடும் Czkawka, படங்களை அடுக்கிப் பார்க்கும் digiKam, படத்தின் உள்தகவலைப் படிக்கும் exiftool மூன்றும் இலவசம். மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

தொடங்குமுன்

படங்களை ஃபோனில் வைத்தபடியே கேபிள் வழியாகக் கழிக்காதீர்கள். ஃபோனின் கேமரா படங்கள் இருக்கும் DCIM ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். வாட்ஸ்அப் படங்கள் இருக்கும் இடம் வேறு: Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images. அதையும் தனி ஃபோல்டராக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் ஃபோன் என்றால் இரண்டு DCIM-ஐயும் ஒன்றாகக் கொட்டிவிடாமல் தனித்தனியாக வையுங்கள். கலந்துவிட்டால், ஒரே நொடியில் இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து எடுத்தவை பின்னால் ஒரே பர்ஸ்ட் போலத் தெரியும்.

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் போட்டுவிட்டு அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். வேலை செய்யும் ஃபோல்டர் டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எதனுடனும் சிங்க் ஆகக் கூடாது. சிங்க் ஆனால், இங்கே தெரியாமல் அழித்தது சில நொடிகளில் அங்கேயும் அழிந்துவிடும்.

கழித்ததைப் போட்டு வைக்க முன்கூட்டியே ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இனி ஒவ்வொரு சுற்றிலும் Delete பட்டனைத் தொடாமல் Move செய்வோம். நிஜமாக அழிப்பது எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவை.

முதல் சுற்று: அச்சு அசல் நகல்

இது சுலபம். Czkawka-வில் Duplicate Files பகுதிக்குப் போய், ஃபோல்டர்களைச் சேர்த்து, ஒப்பிடும் முறையை Hash என்று வைத்துத் தேடுங்கள். ஃபைலின் பெயரையோ தேதியையோ நம்பாமல் உள்ளடக்கத்தையே அது ஒப்பிடுகிறது. அதனால் இங்கே வருவதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள். எதை விடுவது என்றால், ஃபோன் வைத்த பெயரோடு DCIM-இல் இருப்பதை விடுங்கள். "Copy of" என்றோ பெயருக்குப் பின்னால் (1) என்றோ இருப்பவை போகட்டும்.

இரண்டாம் சுற்று: வாட்ஸ்அப் நகல்

வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். எடுத்த தேதி, கேமரா விவரம் அடங்கிய எக்ஸிஃப் தகவலும் போய்விடும். பெயரும் IMG-20240114-WA0012.jpg என்ற பாணிக்கு மாறும். அசல் கையில் இருக்கும்போது இந்த நகலால் பயன் இல்லை. ஆனால் பைட் அளவில் இரண்டும் வேறு ஃபைல் என்பதால் முதல் சுற்றில் இது சிக்கியிருக்காது.

இதற்கு Czkawka-வின் Similar Images பகுதி. அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் செட்டிங்கைக் குருட்டாம்போக்கில் வைக்க வேண்டியிருக்காது. அது படத்தை மிகச் சிறியதாகச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கும். Gradient என்ற முறையில், ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைவிட வெளிச்சமா இருட்டா என்று 1, 0 எனக் குறித்துக்கொள்ளும். Hash size 8 என்றால் ஒரு படத்துக்கு 64 குறி, 16 என்றால் 256 குறி. இரண்டு படங்களின் குறிகளில் எத்தனை மாறுகிறது என்பதுதான் வித்தியாசக் கணக்கு. படம் சுருங்கினாலும் தரம் குறைந்தாலும் வெளிச்சமும் இருட்டும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆகவே வாட்ஸ்அப் நகலும் அசலும் கிட்டத்தட்ட ஒரே குறியைத் தரும்.

Hash size 16 வைத்து, வித்தியாச அளவை 5-இல் தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. DCIM ஃபோல்டரை Reference என்று குறித்துவிடுங்கள். அப்படிக் குறித்த ஃபோல்டரில் உள்ள படம் எதையும் கழிக்கும் பட்டியலில் சேர்க்க முடியாது. DCIM-இல் அசல் இருக்கும் வாட்ஸ்அப் படம் மட்டும் அந்த அசலின் கீழே வரிசையாக வரும். பர்ஸ்ட் படங்கள் இந்தப் பட்டியலில் குறுக்கே வந்து குழப்பாது.

வந்ததை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, பில், ஆதார் நகல், ஸ்கிரீன்ஷாட் போன்றவை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பதால் சுருக்கிய பிறகு எல்லாமே ஒரே மாதிரி ஆகிவிடும். போன மாத மின் பில்லும் இந்த மாத மின் பில்லும் நகல் என்று வரும். இவற்றை முன்கூட்டியே வேறு ஃபோல்டருக்கு எடுத்து வைப்பது நல்லது. மற்றொன்று, அனுப்பும்போது வாட்ஸ்அப்பிலேயே அம்புக்குறி போட்டதும் பெயர் எழுதியதும். சின்ன எழுத்து குறியில் பதிவாகாது என்பதால் அதுவும் நகல் என்றே வரும். எழுதியது வேண்டுமென்றால் அதை விட்டுவைக்க வேண்டும்.

இந்தச் சுற்றைப் பர்ஸ்ட்டுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பர்ஸ்ட்டை முதலில் கழித்தால், அனுப்பிய படத்தின் அசல் கழிபட்டுப் போயிருக்கலாம். அப்போது அதன் வாட்ஸ்அப் நகலுக்கு ஜோடி கிடைக்காமல், மங்கலான அந்தச் சின்னப் படம் ஆல்பத்தில் நிலைத்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். Sent என்ற உள் ஃபோல்டரில் இருப்பது நீங்களே சொந்தக்காரர்களுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அதன் அசல் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டால் மூன்றாம் சுற்றில் பாதி முடிவு கையில் இருக்கும்.

DCIM-இல் அசல் இல்லாத வாட்ஸ்அப் படம், அதாவது மற்றவர்கள் அனுப்பியது, அப்படியே இருக்கட்டும். உங்களிடம் உள்ள ஒரே பிரதி அதுதான்.

மூன்றாம் சுற்று: பர்ஸ்ட்டைக் குழுவாக்குவது

Similar Images-ஐ வைத்தே பர்ஸ்ட்டையும் பிடிக்கலாமே என்று தோன்றும். அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். 256 குறியில் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது பதிவாகவே ஆகாது. உங்களுக்கு முக்கியமான வித்தியாசம் அதற்கு வித்தியாசமே அல்ல. மறுபக்கம், ஆள் குறுக்கே ஓடினாலோ ஃபோன் லேசாகத் திரும்பினாலோ குறிகள் வெகுவாக மாறி, ஒரே பர்ஸ்ட் மூன்று குழுவாக உடைந்துவிடும். அதைச் சேர்க்க வித்தியாச அளவைக் கூட்டினால், மேடையில் ஒரே இடத்தில் நின்று வரிசையாகப் பரிசு கொடுத்த நாற்பது பேரும் ஒரே குழுவாக வந்து நிற்பார்கள். பின்னணியும் நிற்கும் இடமும் ஒன்று, முகம் மட்டும் வேறு. அங்கே ஒன்றை வைத்து மற்றதைக் கழித்தால் முப்பத்தொன்பது பேர் காணாமல் போவார்கள்.

பர்ஸ்ட்டுக்குச் சரியான அளவுகோல் நேரம்தான். எடுத்த நேரம் எக்ஸிஃப்பில் இருக்கிறது. முதலில், DCIM இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து, எடுத்த நேரம் பதிவாகாத படங்களை இந்தக் கட்டளையால் பிரித்துவிடுங்கள்:

```
exiftool -r -ext jpg -ext jpeg -ext png -if 'not $DateTimeOriginal' -Directory=nodate DCIM
```

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போடுங்கள். நேரம் இல்லாதவை nodate ஃபோல்டருக்குப் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டும் டவுன்லோடு செய்ததும்தான் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இப்போது digiKam-இல் DCIM ஃபோல்டரைக் கலெக்ஷனாகச் சேர்த்து, ஒரு ஆல்பத்தைத் திறந்து, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் Group என்பதன் கீழ் Group Selected By Timelapse / Burst கொடுங்கள். நெருக்கமாக எடுத்தவை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். வரிசைப்படுத்துவது தேதிப்படி இருக்கட்டும். விட்டுப்போனது ஒன்றிரண்டு இருந்தால் பக்கத்திலேயே கண்ணில் படும், கையால் இழுத்துச் சேர்த்துவிடலாம்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. குழு மூடியிருக்கும்போது மேலே தெரியும் படத்துக்குக் கொடுக்கும் கட்டளை, செட்டிங்கைப் பொறுத்து, உள்ளே இருக்கும் எல்லாப் படத்துக்கும் போய்ச் சேரும். ஒன்றை நிராகரிக்கிறோம் என்று நினைத்து குழு முழுவதையும் நிராகரித்துவிடுவோம். குழுக்களைத் திறந்து விட்ட பிறகே குறியிடத் தொடங்குங்கள்.

எதை வைப்பது: ஒரு குழுவைக் கழித்துப் பார்ப்போம்

digiKam-இல் நிராகரித்ததற்கு Rejected, வைப்பதற்கு Accepted என்று குறி இருக்கிறது. Alt+1, Alt+3 அழுத்தினால் போதும். சிறந்ததைத் தேடிப் போவதைவிடத் தேறாததைத் தள்ளிக்கொண்டே வருவது வேகமாகவும் தெளிவாகவும் முடியும். மூன்று கட்டமாகப் பார்க்கலாம்.

ஒரு காதுகுத்தில் எடுத்த பர்ஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தாய்மாமன் மடியில், பத்தர் ஊசியோடு குனிகிறார். ஒன்றரை நொடியில் 14 படம்.

முதல் கட்டம், சின்ன அளவிலேயே. பெரிதாக்க வேண்டாம். 1 முதல் 4 வரை பத்தரின் தலை குழந்தை முகத்தை மறைக்கிறது. 14-ஆவதில் ஃபோனைத் தாழ்த்தியதால் பாதி தரை. இந்த ஐந்தும் போகின்றன. மிச்சம் ஒன்பது.

இரண்டாம் கட்டம், கூர்மை. இப்போது 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தைப் பாருங்கள். ஆள் இருக்கும் படத்தில் அந்த இடம் கண் இமை. digiKam-இன் Light Table-இல் இரண்டு படத்தை அருகருகே வைத்தால் ஒன்றைப் பெரிதாக்கும்போது மற்றதும் சேர்ந்தே பெரிதாகும். 5, 6 இரண்டிலும் இமை முடி ஒரு திசையில் இழுபட்டு இரட்டைக் கோடாகத் தெரிகிறது. அது ஆட்டம். மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும், அதனால் இது சகஜம். 9-இல் எதுவும் இழுபடவில்லை, முகம் மட்டும் பஞ்சு போல மெத்தென்று இருக்கிறது, பின்னால் உள்ள மாலையின் பூ ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. அது ஃபோகஸ் தவறியது. இரண்டையும் எந்த எடிட்டிங்கும் உண்மையில் மீட்டுத் தராது. மூன்றும் போகின்றன. பத்தரின் விரல் லேசாக மங்கியிருந்தால் அதற்காகக் கழிக்க வேண்டாம், அசைகிற கை அசைவதாகத் தெரிவதில் தவறில்லை.

மூன்றாம் கட்டம், முகம். மிச்சம் 7, 8, 10, 11, 12, 13. 7-இல் ஊசி காதில் பட்டுவிட்டது, குழந்தைக்கு இன்னும் தெரியவில்லை, மாமன் சிரிக்கிறார். 8 அதேதான், ஆனால் மாமனின் கண் பாதி மூடியிருக்கிறது. 10-இல் முகம் கோணத் தொடங்குகிறது. 11-இல் வாய் முழுதாகத் திறந்து அழுகை வந்துவிட்டது, பக்கத்திலிருந்து அம்மாவின் கை நீள்கிறது. 12, 13-இல் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. 7-ஐயும் 11-ஐயும் வைப்போம். இரண்டும் வெவ்வேறு கணம், சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும். கணம் மாறவில்லை என்றால் ஒன்று போதும். இதே குழுவை Similar Images-இடம் கொடுத்திருந்தால் 7-க்கும் 8-க்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லியிருக்கும்.

கூட்டமாக நின்று எடுத்த படத்தில் கண் சிமிட்டல்தான் முதல் எதிரி. ஒரு சிமிட்டல் 0.1 முதல் 0.4 நொடி வரை நீடிக்கும். நொடிக்குப் பத்துப் படம் விழும் பர்ஸ்ட்டில் ஒருவர் ஒரு தடவை சிமிட்டினால் அடுத்தடுத்த இரண்டு மூன்று படத்தில் கண் மூடியிருக்கும். ஆகவே 5-இல் ஒருவர் கண் மூடியிருந்தால் 6-ஐப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் 9-க்குத் தாவுங்கள்.

ஃபைல் அளவு பெரியதை வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜேபெக்கில் நுணுக்கமான விவரம் அதிகம் உள்ள படம் அதிக இடம் பிடிக்கும், மங்கிய படம் சுருங்கிவிடும். ஒரே பர்ஸ்ட்டுக்குள் மிகச் சிறிய ஃபைல்கள் மங்கலாக இருக்க வாய்ப்பு அதிகம், அவற்றை முதலில் சோதிக்கலாம். ஆனால் அதை வைத்தே தீர்ப்பு எழுதக் கூடாது. 9-ஆம் படத்தைப் போலப் பின்னணியில் ஃபோகஸ் விழுந்தால், மாலையின் பூ விவரமே ஃபைலைப் பெரிதாக்கிவிடும். படத்தோடு சின்ன வீடியோவும் எடுக்கும் மோஷன் போட்டோ வசதி இயங்கியிருந்தால் இன்னும் மோசம். அந்தச் சின்ன வீடியோ ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அளவு கூடியதற்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

பர்ஸ்ட் போலத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாதவை

கேமராவில் எடுத்த படங்களில், ஒரே காட்சி ஒன்று இருட்டாக, ஒன்று சரியாக, ஒன்று வெளிறிப் போனதாக மூன்றாக இருந்தால் அது பின்னால் ஒன்றுசேர்க்க வெளிச்சம் மாற்றி எடுத்த அடுக்கு. கோயில் கோபுரத்தை இடமிருந்து வலமாக ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி எடுத்திருந்தால் பனோரமாவுக்கானது. இவற்றில் ஒன்றைக் கழித்தாலும் மிச்சம் வீண்.

ஜோடி ஃபைல்களையும் பாருங்கள். ரா வடிவத்திலும் சேர்த்து எடுத்திருந்தால் ஒரே பெயரில் .jpg, .dng இரண்டு இருக்கும். ஐபோன் லைவ் போட்டோ கம்ப்யூட்டருக்கு வரும்போது .HEIC, .MOV என இரண்டாகும். படத்தை மட்டும் கழித்தால் ஜோடி அநாதையாக இடத்தை அடைத்துக் கிடக்கும். ரா ஃபைல் ஜேபெக்கைப் போலப் பல மடங்கு பெரியது என்பதால், மிச்சமாகும் என்று நினைத்த இடம் மிச்சமே ஆகியிருக்காது. கழித்ததற்குப் பின் .dng, .MOV மட்டும் தனியாக நிற்கிறதா என்று பெயர்ப்படி வரிசைப்படுத்திப் பார்த்துவிடுங்கள்.

அழிக்கும் நாள்

digiKam-இன் வலது பக்க Filters பகுதியில் Rejected மட்டும் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் கழிவு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிறகு குறியே படாத படங்களை வடிகட்டிப் பாருங்கள். பர்ஸ்ட்டில் பார்க்காமல் தாண்டிப் போனது அங்கே மாட்டும். ஒரு வாரம் விடுங்கள். வீட்டில் மற்றவர்களையும் கழிவு ஃபோல்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஓரத்தில் நின்ற ஒரு ஆள், அவர்களுக்கு அத்தையின் ஒரே படமாக இருக்கலாம்.

நேரடியாக digiKam-க்குள் அழித்தால் ஃபைல்கள் கலெக்ஷனுக்குள் .dtrash என்ற மறைவான ஃபோல்டரில் போய் உட்காரும். digiKam-இன் குப்பைத்தொட்டியைக் காலி செய்யும் வரை ஒரு எம்பி கூட மிச்சமாகாது.

கம்ப்யூட்டரில் கழித்ததால் ஃபோனில் எதுவும் குறைந்திருக்காது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழு நகல் திறக்கிறது என்று உறுதி செய்த பின், ஃபோனில் அந்த விசேஷத்தின் படங்களை அழித்துவிட்டு, தேர்ந்ததை மட்டும் DCIM-க்குள் திரும்பப் போடுங்கள். ஃபைல் தேதி இன்றைய தேதியாக மாறலாம், ஆனால் எக்ஸிஃப்பில் எடுத்த நேரம் இருப்பதால் கூகுள் போட்டோஸ் பழைய இடத்திலேயே காட்டும்.

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் இன்னொரு அடுக்கு உண்டு. ஃபைல் மேனேஜரில் அழித்தால் ஃபோனில் மட்டும் போகும், இணையத்தில் எல்லாப் பர்ஸ்ட்டும் அப்படியே இருக்கும். கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் அழித்தால் இரண்டிலும் போகும். அதே ஆப்பில் உள்ள Free up space அப்படி இல்லை. அது ஃபோனில் உள்ளதை மட்டும் நீக்கும், இணையத்தில் இருப்பதைத் தொடாது. பேக்கப் ஆனவை குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதவை 30 நாள்தான்.

ஐபோனில் பர்ஸ்ட்டை ஃபோனிலேயே முடித்துவிடுங்கள். Photos ஆப்பில் Media Types-இன் கீழ் Bursts-ஐத் திறந்து, ஒரு குழுவில் Select அழுத்தி, வேண்டியதை டிக் செய்து Done கொடுத்தால், டிக் செய்ததை மட்டும் வைக்கவா, எல்லாவற்றையும் வைக்கவா என்று கேட்கும். மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்றது மொத்தமாகப் போய்விடும். iOS 16 முதல் உள்ள Duplicates பகுதி மேலே சொன்ன முதல் இரண்டு வகைக்கானது, பர்ஸ்ட்டை அது கழித்துத் தராது. போனவை Recently Deleted-இல் 30 நாள் இருக்கும், அதுவரை இடமும் மிச்சமாகாது. கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாக இருந்தால் Photos செட்டிங்கில் Transfer to Mac or PC என்பதை Keep Originals என்று மாற்றிவிட்டு இறக்குங்கள்.